கவுனைப் பட்டுப் பாவாடையாக மாற்றும்போது நேரும் பிழைகளும் அவற்றைச் சரிசெய்யும் முறையும்

என் தங்கை மகளுக்கு எட்டு வயது. பிறந்தநாளுக்கு வாங்கிய சாட்டின் கவுனை அவள் ஒரே முறைதான் அணிந்தாள். தீபாவளிக்கு முன்பு அந்தக் கவுனையும் என் அம்மாவின் பழைய பட்டுச் சேலை ஒன்றையும் எடுத்துக்கொண்டு வந்து, இரண்டையும் சேர்த்து ஒரு பட்டுப் பாவாடை சட்டை தைத்துத் தரும்படி தங்கை கேட்டாள். பல ஆண்டுகளாக வீட்டில் தைத்துவரும் எனக்கு இது அரை நாள் வேலையாகத் தோன்றியது. நான்கு நாள் ஆயிற்று. அந்த நான்கு நாளில் தையலைப் பிரித்துப் பிரித்துத் தைத்ததில் தெரிந்துகொண்டவற்றை, கண்ணுக்குத் தெரியும் கோளாறு எது, அதன் காரணம் எது, சரிசெய்வது எப்படி என்ற வரிசையில் இங்கே எழுதுகிறேன்.

எல்லாக் கோளாறுகளுக்கும் பொதுவான ஒரு வேரை முதலில் சொல்லிவிட வேண்டும். கவுனின் விரிவு கத்தரியிலிருந்து வருகிறது. பாவாடையின் விரிவு மடிப்பிலிருந்து வருகிறது. அம்பர்லா கட் கவுனில் துணி வட்டமாக வெட்டப்படுவதால், இடுப்பில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் கீழே மட்டும் அகன்று போகும். பாவாடையோ மேலும் கீழும் ஒரே அகலமுள்ள நீளச் சதுரத் துணி. அதன் அகலம் முழுவதும் இடுப்பில் மடிப்பாக ஒடுங்கி, கீழே வர வர அவிழ்கிறது. ஆகவே கவுனின் கீழ்ப்பகுதியை அப்படியே வைத்துக்கொண்டு அதைப் பாவாடையாகக் காட்ட முயல்வதில்தான் பெரும்பாலான பிழைகள் தொடங்குகின்றன.

கையில் இருக்கும் கவுன் எந்த வகை என்பதைத் தெரிந்துகொள்ள ஓர் எளிய சோதனை உண்டு. கவுனின் கீழ்விளிம்பை ஒரு மேசையின் நேர் ஓரத்தோடு ஒட்டி வைத்துப் பாருங்கள். விளிம்பு ஓரத்தோடு நேராகப் படிந்து, அதற்கு மேலுள்ள துணியும் சுருங்காமல் படுத்தால், அது நீளச் சதுரத் துணியை இடுப்பில் சுருக்கித் தைத்தது. இடுப்புத் தையலைப் பிரித்து, சுருக்கை இஸ்திரி போட்டு நீக்கிவிட்டு, அதே துணியில் மடிப்பு எடுக்கலாம். விளிம்பை நேராக்கும்போது மேலே துணி அலையலையாகக் கிளம்பினால், அது வட்டமாகவோ கூறுகூறாகவோ வெட்டப்பட்டது. எங்கள் கவுன் இந்த இரண்டாவது வகை. அதன் வெளிப் பாவாடையையும் அதை உப்பி நிற்க வைக்கும் கேன்கேன் நெட்டையும் கழற்றி எடுத்துவிட்டு, மேல் உடல் பகுதியையும் உள்துணியையும் மட்டும் வைத்துக்கொள்வதுதான் வழி என்று முடிவுசெய்ய எனக்கு ஒரு நாள் பிடித்தது. அந்த ஒரு நாள் வீணானதன் கதையே முதல் கோளாறு.

கோளாறு: கரை படியாமல் மேல் ஓரத்தில் சுருங்கிச் சுருங்கி நிற்கிறது

சேலையை வெட்ட மனமில்லாமல், கரையை மட்டும் எடுத்துக் கவுனின் கீழ்விளிம்பில் வைத்துத் தைத்துவிட்டால் போதும் என்று முதலில் எண்ணினேன். கீழ் ஓரத்தை ஒட்டிக் குண்டூசி குத்தியவரை எல்லாம் சரியாக இருந்தது. மேல் ஓரத்தைப் படிய வைக்கும்போதுதான் கைக்குக் கை ஒரு சுருக்கம் எழுந்தது. ஒன்றை நீவி விட்டால் அடுத்த இடத்தில் இரண்டு கிளம்பின.

காரணம் கணக்கில் இருக்கிறது. இடுப்பு 24 அங்குலமும் உயரம் 30 அங்குலமும் உள்ள முழுவட்டப் பாவாடையின் கீழ்விளிம்பு ஏறக்குறைய 212 அங்குலம் வரும். அதிலிருந்து 4 அங்குலம் மேலே போனால் சுற்றளவு ஏறக்குறைய 187 அங்குலம்தான். ஆனால் 4 அங்குல அகலமுள்ள சேலைக் கரைக்கு மேலும் கீழும் ஒரே நீளம். சரிகை ஓடுவதால் அது வளைந்தும் கொடுக்காது. மிஞ்சுகிற 25 அங்குலம் எங்கே போகும்? சுருக்கமாகத்தான் எழும். அரைவட்டமாக வெட்டிய கவுனானால் இந்த மிச்சம் பாதியாகக் குறையும், ஆனால் மறையாது. இழுத்துத் தைத்தாலும், நீராவி இஸ்திரி போட்டாலும் இது தீராது.

தீர்வு ஒன்றுதான். கரையைத் தனியே வெட்டாமல், சேலையின் நீளவாக்கு இடுப்பைச் சுற்றி வருமாறு துணியை எடுக்க வேண்டும். அப்போது கரை தானாகவே பாவாடையின் அடியில் வந்து அமரும். அதன் ஓரம் நெய்த ஓரமாகவே இருப்பதால் மடித்தடிக்கும் வேலையும் இல்லை. எங்கள் சேலையின் அகலம் 46 அங்குலம். பாவாடையின் உயரத்துக்கு 30, மேலே தையலுக்கு 1, குழந்தை வளரும்போது பிரித்துவிடுவதற்காக உள்ளே மடித்துத் தைக்கும் டக்குக்கு 4 என மொத்தம் 35 அங்குலத்தைக் கீழ்க்கரையிலிருந்து அளந்து வெட்டினேன். மேலே மிஞ்சிய 11 அங்குலத் துண்டில் மற்றொரு கரையும் இருந்தது. அது சட்டைக்குப் பயன்பட்டது.

வெட்டுவதற்கு முன் பழைய சேலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். பல ஆண்டுகள் ஒரே மடிப்பில் பெட்டியில் கிடந்த பட்டு, அந்த மடிப்புக் கோட்டில் இற்றுப் போயிருக்கும். இரு கையாலும் மெல்ல இழுத்தால் இழை விலகுகிற இடத்தைப் பாவாடையில் சேர்க்கக் கூடாது; மடிப்பின் முனை அங்கே வந்தால் ஓரிரு முறை அணிவதற்குள் கிழிந்துவிடும்.

கோளாறு: மடிப்புகள் இடுப்பளவுக்குச் சரியாக முடியவில்லை

நான் அதிக நேரம் செலவிட்டது இதில்தான், எனவே சற்று விரிவாகச் சொல்கிறேன். எனக்கு இரண்டரை மீட்டர், அதாவது சுமார் 98 அங்குலம் துணி கிடைத்தது. பக்கத்துக்கு 1 அங்குலம் தையலுக்கு விட்டால் 96. இடுப்பு 24. தொண்ணூற்றாறை இருபத்து நான்கால் வகுத்தால் 4 வருகிறது; அதாவது வெளியே தெரியும் ஒவ்வொரு அங்குலத்துக்கும் 3 அங்குலம் உள்ளே மறைய வேண்டும். ஆகவே மேல்விளிம்பில் ஒன்று, மூன்று, ஒன்று, மூன்று என்று மாற்றி மாற்றிக் குறியிட்டு, மூன்றங்குலப் பகுதியை இரண்டாக மடித்து ஒரே பக்கமாகச் சாய்த்தால், 24 மடிப்புகள் கிடைக்கும். ஒவ்வொன்றின் ஆழமும் ஒன்றரை அங்குலம்.

இந்த வகுத்தல் கணக்கில் வரும் எண்ணைக் கவனிக்க வேண்டும். அது 3 என்று வந்தால், மடிப்பின் ஆழமும் வெளியே தெரியும் அளவும் சமமாகி, இடுப்பு முழுவதும் மூன்று அடுக்குத் துணி சீராக இருக்கும். 4 என்று வந்தால், ஒரு மடிப்பு அடுத்த மடிப்பின் அடியிலும் நுழைவதால், சில இடங்களில் மூன்றும் சில இடங்களில் ஐந்துமாக அடுக்குகள் மாறி மாறி வரும். மெல்லிய பட்டுக்கு இது தாங்கும். உடல் முழுவதும் சரிகைப் புட்டா உள்ள கனமான துணியானால் ஊசி தையலைத் தவறவிடும், இடுப்பும் புடைத்துத் தெரியும். அத்தகைய துணிக்கு இரண்டு மீட்டரே போதும். மாறாக வகுத்து வரும் எண் இரண்டுக்கும் கீழே போனால் அது பாவாடையாகவே தோன்றாது. உள்பாவாடைக்குக் கரை வைத்தது போல இருக்கும்.

கணக்கு சரியாக இருந்தும், முதல் முறை நான் மடிப்பு எடுத்து முடித்தபோது, இடுப்பு 24 அங்குலத்துக்குப் பதில் இருபத்தைந்தரை வந்து நின்றது. குறியெல்லாம் சரிதான், கைதான் தவறியது. ஒவ்வொரு மடிப்பையும் குறியின் மேல் வைப்பதற்குப் பதில், குறி கண்ணுக்குத் தெரியட்டும் என்று அரை நூல் தள்ளித் தள்ளி வைத்திருக்கிறேன். தையற்காரர் கணக்கில் எட்டு நூல் ஓர் அங்குலம். இருபத்து நான்கு மடிப்பில் அரை அரை நூலாகச் சேர்ந்து பன்னிரண்டு நூல், அதாவது ஒன்றரை அங்குலம் கூடிவிட்டது. கடைசி இரண்டு மடிப்பை மட்டும் இன்னும் ஆழமாக்கி இதைச் சரிக்கட்ட எண்ணுவது இயல்புதான். ஆனால் அந்த இரண்டும் மற்றவற்றோடு ஒட்டாமல் தடித்துத் தெரியும். எல்லாவற்றையும் பிரித்து, இடுப்பின் நான்கில் ஒரு பாகத்துக்கு ஒரு முறை, அதாவது ஆறு மடிப்புக்கு ஒரு முறை, டேப் வைத்து 6 அங்குலம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு மறுபடியும் எடுத்தேன். பிழை இருந்தால் அந்த ஆறுக்குள்ளேயே தெரிந்துவிடுகிறது.

குறியிடுவதற்கு மெழுகுச் சாக்கைப் பயன்படுத்தாதீர்கள். இஸ்திரிச் சூட்டில் அது பட்டில் எண்ணெய்க் கறையாக இறங்கிவிடும். சாக்குத்தூளும்கூட உள்பக்கத்தில்தான். குண்டூசியைத் தையலுக்குள் மறையும் மேல் அரை அங்குலத்தில் மட்டும் குத்துங்கள், ஏனெனில் பட்டில் விழுந்த துளை திரும்ப மூடாது.

கோளாறு: மடிப்புகள் கீழே வரும்போது சாய்கின்றன, அல்லது வயிற்றுப் பக்கம் வாய் பிளக்கின்றன

இவை பார்ப்பதற்கு ஒன்றுபோல இருந்தாலும் இரண்டு வேறு கோளாறுகள்.

மடிப்புகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து விழுந்தால், மேல்விளிம்பு இழைக்கு நேராக வெட்டப்படவில்லை என்று பொருள். பட்டு வழுக்கும் துணியாதலால், அளவுகோல் வைத்துக் கோடு போட்டாலும் வெட்டும்போது விலகிவிடும். வெட்ட வேண்டிய இடத்தில் ஓர் இழையை ஊசி முனையால் நெம்பி எடுத்து, சிறிது சிறிதாக உருவினால், துணியில் மெல்லிய கோடு ஒன்று விழும். அந்தக் கோட்டின் வழியே வெட்டினால் தவறாது. அதோடு, மடிப்பை மேல்விளிம்பில் மட்டும் பிடித்தால் போதாது. மேலிருந்து 5 அங்குலம் வரை மடிப்பின் ஓரத்தை நேராக்கி, கையால் தளர்ந்த ஓட்டுத் தையல் போட்டு, உள்பக்கத்திலிருந்து பருத்தித் துணி விரித்து இஸ்திரி போட வேண்டும். இடுப்புத் தையல் முடிந்த பிறகே அந்த ஓட்டுத் தையலை உருவ வேண்டும். ஐந்து அங்குலத்துக்குக் கீழே இஸ்திரிப் பெட்டியைக் கொண்டுபோகாதீர்கள். மடிப்பைக் கரைவரை கத்தி போல அழுத்தினால், பட்டுப் பாவாடை பள்ளிச் சீருடைப் பாவாடையாகிவிடும். மேலே இறுகி, கீழே தானாக அவிழ்ந்து விழுவதில்தான் அதன் அழகு.

சாயாமல், வயிற்றுக்கு நேரே மட்டும் நான்கைந்து மடிப்புகள் பிளந்து நின்றால், இடுப்பளவு இறுக்கமாக எடுக்கப்பட்டிருக்கிறது. கவுனை அளந்து அந்த அளவுக்கே பாவாடை எடுத்தால் இது நேரும், ஏனெனில் கவுன் உடம்போடு ஒட்டி நிற்கவே தைக்கப்படுகிறது. குழந்தையை நிற்க வைத்து, சாப்பிட்ட பிறகு இடுப்பை அளந்து, ஓர் அங்குலம் கூட்டிக்கொள்ளுங்கள். எங்கள் பெண்ணுக்கு 23 வந்தது, 24 வைத்தேன்.

கோளாறு: முன்கரை தரையைத் தொடுகிறது, அல்லது மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது

கவுனின் இடுப்புத் தையல் பல நேரங்களில் முன்பக்கம் கூராகக் கீழே இறங்கியிருக்கும். கவுனின் கீழ்ப்பகுதியை அதற்கேற்ப வெட்டியிருப்பதால் அதில் எதுவும் தெரியாது. அதே உடல் பகுதியில் நீளச் சதுரப் பட்டைத் தைத்தால், நடுவில் எவ்வளவு இறக்கமோ அவ்வளவு கரையும் இறங்கிவிடும். குழந்தையின் இடுப்பில் எலாஸ்டிக் ஒன்றைக் கட்டி, அது நிற்கும் கோட்டை உடல் பகுதியின் மேல் சுற்றிலும் குறித்து, அந்த மட்டத்திலேயே கூரை வெட்டி எடுத்துவிட வேண்டும்.

மாறாக முன்கரை அரை அங்குலம் உயர்ந்திருந்தால் அது வயிற்றின் வேலை. கவுனானால் கீழே வெட்டியோ மடித்தோ சமன்செய்யலாம். பாவாடையில் கரையைத் தொட வழியில்லை. ஆகவே திருத்தம் இடுப்பில்தான் நடக்க வேண்டும். மேலே தையலுக்கு விட்ட ஓர் அங்குலம் இதற்காகத்தான். முன்பக்கம் மட்டும் அரை அங்குலத் தையல் பிடித்து, பக்கங்களுக்கு வர வர அதை முழு அங்குலமாக்கினால், கரை மட்டத்துக்கு வந்துவிடும். பாவாடையை நிரந்தரமாகத் தைப்பதற்கு முன்பு, ஓட்டுத் தையலோடு குழந்தைக்கு ஒருமுறை அணிவித்து, தரையிலிருந்து கரையின் உயரத்தை நான்கு பக்கமும் அளந்துவிடுங்கள்.

டக்கைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். குழந்தை வளர வளரப் பிரித்துவிடுவதற்காக 2 அங்குல ஆழத்தில் உள்பக்கம் ஒரு டக்கு பிடித்தேன். அதற்கு 4 அங்குலத் துணி பிடிக்கும். அதன் தையல் கோடு கரையும் உடலும் சேரும் கோட்டுக்குச் சற்றே மேலே ஓடுமாறு வைத்தால் கண்ணில் படாது. தொங்கும் மடிப்பும் கரைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு அதற்குக் கனம் கொடுக்கும். டக்கை மடிப்பு எடுப்பதற்கு முன்பே தைக்க வேண்டும். மடிப்பெடுத்த பிறகு நினைவுக்கு வந்தால், எடுத்த மடிப்பையெல்லாம் பிரிக்க வேண்டியதுதான்.

கோளாறு: பாவாடை கீழே இழுக்கிறது, கழுத்து இறங்குகிறது, ஜிப் மாட்டுகிறது

சாட்டினைத் தாங்குவதற்குத் தைத்த உடல் பகுதி, சரிகைக் கரையுள்ள இரண்டரை மீட்டர் பட்டைத் தாங்காது. சிறு பெண்களின் பட்டுப் பாவாடைக்கு உள்சட்டை போன்ற பாடி வைத்துத் தைப்பதன் காரணமே, அதன் கனம் இடுப்பில் அல்லாமல் தோளில் நிற்க வேண்டும் என்பதுதான். கவுனின் உடல் பகுதிக்குள் இருக்கும் லைனிங் ஏற்கெனவே ஒரு பாடிதான். அதைச் சாட்டினிலிருந்து பிரித்தெடுத்துவிட்டால் தனியே பாடி வெட்ட வேண்டியதில்லை. லைனிங் பருத்தியா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: ஓர் இழையை எடுத்துக் கொளுத்தினால், பருத்தி காகிதம் போல எரிந்து சாம்பலாகும், பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகத் திரளும். பாலியெஸ்டரானால் அதையே அளவாக வைத்துப் பருத்தியில் ஒன்று வெட்டிக்கொள்வது நல்லது. வியர்வையில் குழந்தை படும் பாடு குறையும். எங்களுடையது பருத்தியாக இருந்தது.

கவுனின் ஜிப் இடுப்பைத் தாண்டி 5 அங்குலம் கீழே இறங்கும். மடிப்பின் அடுக்குகளுக்கு நடுவே ஜிப் ஓடினால் பட்டு அதில் சிக்காமல் இருக்காது. அதை எடுத்துவிட்டு, பாடியின் முதுகில் கொக்கி வைத்து, பாவாடையின் ஒரே இணைப்பு நடு முதுகில் வருமாறு அமைத்து, அந்த இணைப்பில் மேல் 5 அங்குலத்தைத் தைக்காமல் விட்டேன். தையலுக்கு விட்ட ஓர் அங்குலம் ஒரு பக்கம் அடித்துணியாக நிற்க, மறுபக்கத்து முதல் மடிப்பு அதன்மேல் விழுந்து திறப்பை மூடிவிடுகிறது.

சாட்டின் மேலுடல்தான் சட்டை. அது இடுப்போடு முடிந்துவிடுவதால், மிஞ்சிய பதினொரு அங்குலத் துண்டிலிருந்த கரையை அதன் அடியில் பட்டையாக இணைத்து, பக்கங்களில் 2 அங்குலம் திறப்பு விட்டேன். பாடியும் பாவாடையும் சேரும் தையல் அதனடியில் மறைந்துவிட்டது.

கோளாறு: பாவாடை காலோடு ஒட்டுகிறது, அல்லது நனைந்த பின் உள்துணி சுருங்கிப் பட்டு உப்புகிறது

ஒட்டுவதற்குக் காரணம் பெரும்பாலும் பாலியெஸ்டர் உள்துணி. கவுனுக்குள் இருக்கும் உள்பாவாடை பருத்தியானால், கேன்கேனை மட்டும் பிரித்துவிட்டு அதையே பட்டின் அடியில் வைக்கலாம்; இடுப்பில் சுருக்கமில்லாமல் கீழே சற்று அகன்ற வெட்டானதால், ஏற்கெனவே உள்ள அடுக்குகளோடு அது ஓர் அடுக்குக்கு மேல் கூட்டாது. அதைக் கரையோடு சேர்த்துத் தைக்காமல், 2 அங்குலம் குட்டையாகத் தனியே தொங்க விட வேண்டும். புதிய பருத்தி வாங்கினால் வெட்டுவதற்கு முன்பு ஓர் இரவு தண்ணீரில் ஊற வைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டுக்கொள்ளுங்கள். கேன்கேனைச் சிறிதளவாவது வைத்திருக்கலாமே என்று தங்கை கேட்டாள். வைத்துப் பார்த்தோம், மடிப்புகள் கீழே விழாமல் வெளிப்பக்கம் தள்ளப்பட்டு, பாவாடை மறுபடியும் கவுனாகி நின்றது. பட்டு மிகவும் துவண்டு விழுந்தால், சேலைக்கு வைக்கும் ஃபால்ஸைக் கரையின் பின்னால் கைத்தையலாகப் போட்டால் போதும். எங்கள் பாவாடைக்கு டக்கின் கனமே போதுமானதாக இருந்ததால் அதுவும் தேவைப்படவில்லை.